ஜி தந்தியில் ஒரு முழுச் சுரம்: எலெக்ட்ரிக் கிட்டார் பெண்டைச் சுருதியில் நிறுத்துவது எப்படி

முதன்முதலாக என் சோலோ ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது, கிட்டார் சுருதி கலைந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஆறு தந்திகளும் சரியாக இருந்தன. மறுபடி கேட்டேன். விரல் வைத்து நேராக வாசித்த சுரங்களில் எந்தக் குறையும் இல்லை. தந்தியைத் தள்ளி ஏற்றிய இடங்கள் மட்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. வாசிக்கும்போது அது என் காதில் விழவே இல்லை. தந்தியைத் தள்ளும் சிரமத்தில் காது வேலையை நிறுத்திவிடுகிறது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒரே ஒரு பெண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 3ஆம் தந்தி, அதாவது ஜி தந்தி, 7ஆவது ஃப்ரெட், மோதிர விரல். அங்கே ஒலிப்பது டி. அதை ஒரு முழுச் சுரம் ஏற்றி ஈ ஆக்க வேண்டும். ஏ மைனர் பென்டடோனிக் வாசிக்கும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பெண்ட் இது. இந்த ஒன்று சுருதியில் நின்றுவிட்டால் மற்றவை பெரும்பாலும் இதன் அளவு மாறிய வடிவங்கள்தாம். எனவே இந்த வழிகாட்டியும் அந்த ஒரு பெண்டைச் சுற்றியே போகிறது.

தந்தி எவ்வளவு தூரம் நகர்கிறது

டி சுரம் நொடிக்கு 293.66 அதிர்வுகள்; ஈ 329.63. ஒரு தந்தியின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே இந்த முழுச் சுரத்துக்கு இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் கூட வேண்டும். 25.5 அங்குல அளவுள்ள கிட்டாரில் இதற்காக 7ஆவது ஃப்ரெட்டில் ஜி தந்தி பக்கவாட்டில் 11 அல்லது 12 மில்லிமீட்டர் நகர வேண்டியிருக்கும். அந்த இடத்தில் இரு தந்திகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 8 மில்லிமீட்டர்தான். அதாவது ஜி தந்தி தன் அண்டை வீட்டுக்காரரான டி தந்தியின் இடத்தைக் கடந்து, அதையும் முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தொடக்கக்காரர்கள் பலரும் டி தந்தியைத் தொட்டவுடன் நின்றுவிடுகிறார்கள். அங்கே கிடைப்பது அரைச் சுரம் மட்டுமே.

இங்கேதான் யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கிறது. தூரமும் சுருதியும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது நீளும் அளவு, தள்ளிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் 3 மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட எதுவும் நடப்பதில்லை. பாதி தூரம் போன பிறகும் கால் பங்கு ஏற்றம்தான். அரைச் சுரம் வருவதற்கே 8 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. மிச்சமுள்ள அரைச் சுரம் கடைசி மூன்றரை மில்லிமீட்டருக்குள் பாய்ந்து வந்துவிடுகிறது. முடிவுப் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 35 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. விரல் நகத்தின் கனம் அளவுக்குத் தவறினாலே சபையில் இருப்பவர் முகம் சுளிக்கும் அளவுக்குச் சுருதி விலகும். பெண்ட் கீழே தொங்குவதற்கும் மேலே ஓடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. தொடக்கத்தில் "எதுவும் ஏறவில்லையே" என்று அழுத்தத்தைக் கூட்டுகிறோம், முடிவில் அந்த வேகம் நம்மைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறது. அல்லது வலிக்கு அஞ்சிக் கடைசி மில்லிமீட்டரை விட்டுவிடுகிறோம்.

படி 1: போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் கேளுங்கள்

கிட்டாரைச் சுருதி கூட்டிவிட்டு, ஜி தந்தியின் 9ஆவது ஃப்ரெட்டை வாசியுங்கள். அதுதான் ஈ. அது அடங்கும் வரை கேட்டுவிட்டு, வாயால் அதே சுரத்தைப் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, முணுமுணுத்தால் போதும். இப்போது 7ஆவது ஃப்ரெட்டை வாசித்து டி-யைக் கேளுங்கள். மறுபடி ஈ-யைப் பாடுங்கள், இம்முறை 9ஆவது ஃப்ரெட்டைத் தொடாமல்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. டி-யை ச என்று வைத்துக்கொண்டால், ஈ என்பது சதுசுருதி ரிஷபம். இடையில் நிற்கும் அரைச் சுரம் சுத்த ரிஷபம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடியவர் சுத்த ரிஷபத்தை அறிவார். சங்கராபரணம் கேட்டவர் சதுசுருதியை அறிவார். வீணையிலும் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மேல் சுரத்தைத் தொடுவதுதான் வழக்கம் என்பதால், இந்தச் செயல் நம் காதுக்குப் புதிதல்ல. கைக்குத்தான் புதிது.

சுரம் மனதுக்குள் ஒலிக்கத் தொடங்கும் வரை தந்தியைத் தள்ளாதீர்கள். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாத கை, எப்போதும் வலிக்கும் இடத்தில் நின்றுவிடும்.

படி 2: கையை வைக்கும் விதம்

மோதிர விரலை 7ஆவது ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். அதே தந்தியில் நடுவிரல் 6ஆவது ஃப்ரெட்டிலும் ஆள்காட்டி விரல் 5ஆவது ஃப்ரெட்டிலும் அமரட்டும். அவை சும்மா துணைக்கு நிற்பவை அல்ல; மூன்றும் சேர்ந்துதான் தள்ள வேண்டும். மோதிர விரல் தனியாகத் தள்ளினால் கடைசி மில்லிமீட்டரில் நடுங்கும்.

கட்டை விரலை நெக்கின் மேல் விளிம்புக்கு மேலாகக் கொண்டுவந்து பிடியுங்கள். பாடப் புத்தக முறையில் கட்டை விரலை நெக்கின் பின்புறம் நடுவில் வைத்துக்கொண்டு பெண்ட் செய்ய முயல்பவர்களுக்கு எதிர்ப்பிடி கிடைப்பதில்லை. ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தின் பக்கவாட்டு எலும்பு, நெக்கின் கீழ் விளிம்பில் பதிய வேண்டும். இந்தத் தொடுபுள்ளிதான் அச்சு. விரல்கள் வளைந்த நிலையிலேயே இறுகியிருக்க, கதவின் குமிழைத் திருப்புவதுபோல் முன்கையைத் திருப்புங்கள். தந்தி உங்கள் முகத்தை நோக்கி மேலே போகும்.

சரியாகச் செய்கிறோமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பெண்ட் செய்யும்போது விரல் மூட்டுகளைப் பாருங்கள். அவை விரிந்தும் மடங்கியும் வேலை செய்தால் விரலால் தள்ளுகிறீர்கள். மூட்டுகள் அப்படியே இருக்க, மணிக்கட்டும் முன்கையும் சுழன்றால் சரியான வழியில் இருக்கிறீர்கள். சிறிய விரல் தசைகளால் 26 சதவீத இழுவிசையைக் கூட்டலாம். ஆனால் அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அதைப் பிடித்து வைக்க முடியாது.

தள்ளும்போது டி தந்தியும் சில வேளை ஏ தந்தியும் விரல்நுனியில் மோதும். அவை நகத்துக்கு மேல் ஏறிக்கொண்டால், இறக்கும்போது 'டொங்' என்று ஒலிக்கும். விரல்நுனி அவற்றைச் சற்று முட்டித் தள்ளட்டும், அடியில் நுழையவிட வேண்டாம். வலக்கை உள்ளங்கையின் ஓரத்தைத் தடித்த தந்திகளின் மேல் லேசாக வைத்தால் மிச்சச் சத்தமும் அடங்கும்.

படி 3: இரண்டு தந்திகளை ஒன்றாக்குதல்

இந்தப் பயிற்சிதான் என் பெண்டைச் சரிசெய்தது. 2ஆம் தந்தியின் 5ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள். அங்கே ஒலிப்பதும் அதே ஈ, அதே 329.63. இப்போது மோதிர விரல் ஜி தந்தியின் 7ஆவது ஃப்ரெட்டில், நடுவிரல் துணைக்கு 6ஆவது ஃப்ரெட்டில். இரு தந்திகளையும் ஒரே இழுப்பில் பிக்கால் அடித்து, ஜி தந்தியை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். ஆம்ப்ளிஃபையரில் டிஸ்டார்ஷன் வேண்டாம். சுத்தமான ஒலி போதும்.

தொடக்கத்தில் டி-யும் ஈ-யும் உரசிக்கொண்டு கரகரக்கும். ஏற ஏற அந்தக் கரகரப்பு தனித்தனித் துடிப்புகளாகப் பிரியும். பள்ளி இயற்பியலில் 'விம்மல்கள்' என்று படித்தது இதைத்தான்: இரு அதிர்வெண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு எத்தனையோ, நொடிக்கு அத்தனை விம்மல்கள். ஈ-க்கு 10 சென்ட் கீழே நின்றால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு விம்மல்கள் கேட்கும். 5 சென்ட் கீழே நின்றால் ஒன்று. வேகம் குறைந்துகொண்டே வந்து, "வா...வா...வா..." என்ற அசைவு நீண்டு, ஒரு கணத்தில் நின்றுவிடும். இரண்டு தந்திகள் ஒரே தடித்த தந்திபோல் ஒலிக்கும். அந்த இடத்தில் கையை நிறுத்திக்கொண்டு மூன்று நொடி இருங்கள். விரலின் கீழ் தந்தி எவ்வளவு எதிர்க்கிறது, டி தந்தி எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். உங்கள் கை நினைவில் வைக்க வேண்டியது இந்த எதிர்ப்பின் அளவைத்தான்.

பிறகு வேண்டுமென்றே தாண்டிப் போங்கள். விம்மல்கள் மறுபடி தொடங்கி வேகமாகும். விம்மலை மட்டும் கேட்டால் நீங்கள் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று தெரியாது. இரு பக்கமும் அது ஒரேபோல் ஒலிக்கும். ஆனால் சற்றுக் கூட்டினால் வேகம் குறைகிறதா கூடுகிறதா என்பது காட்டிக்கொடுத்துவிடும். இப்படி மேலும் கீழும் போய் வந்து நடுவில் அமர்வதை ஒரு நாளைக்குப் பத்து முறை செய்தால் போதும். நூறு முறை செய்தால் விரல்நுனி புண்ணாகி மூன்று நாள் கிட்டாரைத் தொட முடியாது. அந்தத் தவற்றையும் நான் செய்திருக்கிறேன்.

படி 4: துணையில்லாமல், கண்ணை மூடி

இப்போது 2ஆம் தந்தியை விட்டுவிடுங்கள். ஹெட்ஸ்டாக்கில் கிளிப் டியூனரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுங்கள். ஈ-யை மனதுக்குள் பாடி, டி-யை அடித்து, ஏற்றி, "இதுதான்" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகே கண்ணைத் திறந்து டியூனரைப் பாருங்கள். திரையில் `E` தெரிந்து, முள் நடுவிலோ அதற்கு 5 சென்ட் இப்பக்கம் அப்பக்கமோ நின்றால் நல்ல பெண்ட். `D#` என்று காட்டினால் நீங்கள் சுத்த ரிஷபத்தின் பக்கமே நின்றுவிட்டீர்கள் என்று பொருள்.

முள்ளைப் பார்த்துக்கொண்டே தந்தியை ஏற்றுவது பயனற்றது. டியூனர் சுரத்தை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் கை வேறிடம் போயிருக்கும். தவிர, அப்போது கற்றுக்கொள்வது கண்; மேடையில் கண்ணுக்கு வேலை இல்லை.

என் குறிப்பேட்டில் ஒரு நாள் பதிவு இப்படி இருக்கிறது: பத்து பெண்டுகளில் ஏழு கீழே, இரண்டு சரி, ஒன்று மேலே, கீழே நின்றவை 15 முதல் 25 சென்ட். ஏழு பெண்டுகள் ஒரே பக்கம் சாய்ந்தால் அது தற்செயல் அல்ல. 35 சென்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில், என் கை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைவாய்ப் போய்க்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடியபோது, சுரம் உச்சியைத் தொட்ட உடனேயே பிடியைத் தளர்த்துகிறேன் என்று தெரிந்தது. அதாவது சென்று சேர்வதில் பிழை இல்லை, நிற்பதில்தான். அதன்பின் ஒவ்வொரு பெண்டையும் இரண்டு தாளம் பிடித்து வைத்தேன். ஒரு வாரத்தில் எண்ணிக்கை தலைகீழாக மாறியது. உங்கள் பிழைகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் கதை வேறு: அது கையின் குறை அல்ல, இலக்குச் சுரம் மனதில் உறுதியாக இல்லை. படி 1-க்குத் திரும்புங்கள்.

இறக்குவதும் முன்கூட்டியே ஏற்றி வைப்பதும்

ஏற்றிய தந்தியை இறக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. முதல் சில மில்லிமீட்டரிலேயே சுருதி சரிந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் மிக மெதுவாகவும் பிறகு சற்று வேகமாகவும் விட்டால்தான் காதுக்குச் சீரான இறக்கமாகக் கேட்கும். டி-க்குத் திரும்பிய பிறகும் தந்தியைச் சற்றே தள்ளிய நிலையில் வைத்திருப்பது பலரின் பழக்கம். முதல் மூன்று மில்லிமீட்டரில் பெரிய மாற்றம் இல்லை என்பதால் இது அவ்வளவாகக் கேட்காது.

சத்தமில்லாமல் தந்தியை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு அடித்து இறக்குவது இன்னொரு வித்தை. இங்கே காது உதவ முடியாது. அடிக்கும் வரை எதுவும் ஒலிப்பதில்லை. படி 3-இல் கை சேமித்த எதிர்ப்பின் அளவு ஒன்றுதான் வழிகாட்டி. உண்மையில் உங்கள் கை எவ்வளவு கற்றிருக்கிறது என்று அறிய இதைவிட நேர்மையான தேர்வு இல்லை.

பெண்டின் உச்சியில் வைப்ரேட்டோ சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈ-யைக் கூரையாக வைத்து, அதிலிருந்து சற்றுத் தளர்த்தி, மீண்டும் ஈ-க்கே வர வேண்டும். ஒவ்வொரு அசைவிலும் உச்சிக்குத் திரும்பாவிட்டால் சுரம் மெல்ல மெல்லக் கீழே வழுக்கும்.

மற்றத் தந்திகளுக்குப் போகும்போது

ஜி தந்தியில் பழகிய தூரத்தை அப்படியே 2ஆம் தந்திக்குக் கொண்டுபோனால் சுருதி கீழே நிற்கும். அதே ஃப்ரெட்டில் 2ஆம் தந்தியை முழுச் சுரம் ஏற்ற, ஜி-யைவிடக் கால் பங்கு கூடுதல் தூரம் வேண்டும். 1ஆம் தந்திக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். உயர்ந்த சுருதியில் கட்டப்பட்ட தந்தி ஏற்கெனவே அதிகமாக இழுபட்டிருப்பதால், அதை இன்னும் அதே விகிதத்தில் இழுக்க அதிகம் நீட்ட வேண்டியிருக்கிறது. தந்தியின் கனம் இந்தத் தூரத்தை மாற்றுவதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். 9 இலக்கத் தந்தியிலிருந்து 10-க்கு மாறினால் கூடுவது தள்ளும் பலம்தான், தூரம் அல்ல. எனவே தந்தி மாற்றிய முதல் வாரத்தில் பெண்டுகள் கீழே நின்றால் அது இயல்பே: கை பழைய எதிர்ப்பின் அளவில் நின்றுவிடுகிறது.

நட்டுக்கு அருகில், 2 அல்லது 3ஆவது ஃப்ரெட்டில், தூரம் குறையும். ஆனால் பலம் அதிகம் வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாரில் 3ஆம் தந்தி பொதுவாகச் சுற்றுக்கம்பி என்பதால் இந்த வழிகாட்டியின் அளவுகள் அங்கே பொருந்தா.

கை சரி, கிட்டார் சரியில்லை என்றால்

சில வேளை தவறு உங்களுடையது அல்ல. அதைக் கண்டறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது நட். ஜி தந்தியைத் திறந்த நிலையில் சுருதி கூட்டுங்கள். 7ஆவது ஃப்ரெட்டில் ஐந்து முறை முழுச் சுரம் ஏற்றி இறக்குங்கள். மறுபடி திறந்த தந்தியை அடித்து டியூனரைப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கு அப்பாலிருந்து வந்த தந்தி திரும்பிப் போக முடியாமல் பள்ளத்தில் சிக்கியிருக்கக்கூடும். சுருதி கூட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்பதும் இதே நோயின் அறிகுறி. பென்சில் முனையின் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தந்தி புதிது என்றால் அது இன்னும் இழுபட்டு அமரவில்லை. கையால் சில முறை மேலே தூக்கி இழுத்து, மறுபடி சுருதி கூட்டுங்கள்.

இரண்டாவது, மிதக்கும் பிரிட்ஜ். ட்ரெமலோ கைப்பிடி உள்ள கிட்டார்களில் ஒரு தந்தியின் இழுவிசை கூடும்போது பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்றத் தந்திகள் அனைத்தும் இறங்கிவிடும். படி 3-இன் பயிற்சிக்கு இது ஒரு பொறி: ஆள்காட்டி விரலின் கீழ் இருக்கும் ஈ தானே இறங்கியிருக்கும், நீங்கள் விம்மல் நிற்கும் இடத்தில் நிற்பீர்கள், இரண்டும் ஒற்றுமையாகவே சுருதி தவறியிருக்கும். அத்தகைய கிட்டாரில் அதே பெண்டுக்குக் கூடுதல் தூரமும் வேண்டும். பின்புறத் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி அமரச் செய்தால் பயிற்சிக் காலத்துக்கு நிம்மதி.

மூன்றாவது, மேல் ஃப்ரெட்டுகளில் பெண்டின் பாதியிலேயே ஒலி மூச்சடைத்துச் செத்துப்போவது. விரல் பலகை அதிகம் வளைந்த பழைய பாணிக் கிட்டார்களில், குறிப்பாக 7.25 அங்குல ஆரம் உள்ளவற்றில், 1ஆம் தந்தியை ஏற்றும்போது அது பலகையின் மேடான நடுப்பகுதிக்கு ஏறி அங்குள்ள ஃப்ரெட் கம்பியில் உரசும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் இது தீராது. அந்தத் தந்தியின் உயரத்தைப் பிரிட்ஜில் அரைச் சுற்று, அரைச் சுற்றாகக் கூட்டி, ஒலி அடைபடாத இடத்தில் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. ப்ளூஸில் மைனர் மூன்றாம் சுரத்தை, ஏ-யில் வாசிக்கும்போது சி-யை, அரைச் சுரம் கூட ஏற்றாமல் இடையில் எங்கோ நிறுத்துவார்கள். டியூனர் அதைப் பிழை என்றே காட்டும். அது பிழை அல்ல. அந்த இசையின் இடம் அது. ஆனால் அரைச் சுரத்தையும் முழுச் சுரத்தையும் கேட்டபடி நிறுத்த முடிந்தவரின் கையில்தான் அந்த இடைச்சுரம் வேண்டுமென்றே வைத்ததுபோல் ஒலிக்கும். என் பழைய பதிவில் தொங்கிக்கொண்டிருந்தவற்றை ப்ளூஸ் என்று சொல்லித் தப்பிக்க ஒரு நண்பரிடம் முயன்று பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே 2ஆம் தந்தியின் 5ஆவது ஃப்ரெட்டை அடித்துக் காட்டினார்.